அர்ஜுனன் தபசு, பன்னிரண்டு துண்டுகளில்: படங்களை ஒட்டிப் பெரிய பனோரமா எடுக்கும் முழு வழிகாட்டி

மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசுக்கு எதிரே நின்று படம் எடுத்தவர்களுக்கு ஒரு ஏமாற்றம் தெரிந்திருக்கும். பாறை முழுவதும் ஒரே படத்துக்குள் வந்துவிடும். ஆனால் வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், யானையின் காலடியில் தவம் செய்யும் அந்தப் பூனை வெறும் மங்கலான உருவமாக இருக்கும். பாறையின் அகலம் சுமார் 29 மீட்டர், உயரம் சுமார் 13 மீட்டர். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 பிக்சல் அகலம். ஓரங்களுக்கும் கொஞ்சம் இடம் விட்டால் ஒரு பிக்சலுக்குப் பாறையில் 5 மில்லிமீட்டர் போய்விடுகிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள சிற்பத்துக்கு மொத்தமே 200 பிக்சல்தான் கிடைக்கும்.

புதுக் கேமரா வாங்கினால் இது தீராது. 60 மெகாபிக்சல் கேமராகூட அகலத்தில் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாகத்தான் தரும். நீளமான லென்ஸைப் போட்டு, பாறையைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவதுதான் வழி. அதே 24 மெகாபிக்சல் கேமராவில், 85 மி.மீ. லென்ஸில், 12 படங்களில் நான் இதை எடுத்தேன். இரண்டாவது முயற்சியில்தான் சரியாக வந்தது. முதல் முயற்சி ஏன் கெட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒட்டுவேலையில் நடக்கிற பெரும்பாலான தவறுகளுக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது.

எத்தனை படம் வேண்டும்

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 × 24 மி.மீ. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் அகலம் 24, உயரம் 36. சென்சார் அளவை லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்து, தூரத்தால் பெருக்கினால், ஒரு படத்துக்குள் எவ்வளவு பாறை விழும் என்பது வரும்.

```
அகலம் = 24 / 85 × 25 மீ = 7.06 மீ
உயரம் = 36 / 85 × 25 மீ = 10.6 மீ
ஒரு பிக்சல் = 7060 மி.மீ / 4000 = 1.76 மி.மீ
```

25 மீட்டர் என்பது நான் நின்ற இடத்திலிருந்து பாறைக்கு உள்ள தூரம். காலடி எண்ணிப் போட்ட கணக்கு. அந்தத் துல்லியம் போதும். 1.76 மி.மீ.க்கு ஒரு பிக்சல் என்றால் 29 மீட்டர் பாறை சுமார் 16,400 பிக்சல் அகலம், 7,400 பிக்சல் உயரம் வரும். அதாவது 120 மெகாபிக்சல். ஒரு மீட்டர் சிற்பத்துக்கு 200 பிக்சல் இருந்த இடத்தில் இப்போது 570.

அடுத்தடுத்த படங்களில் ஒரே பகுதி இரண்டிலும் விழ வேண்டும். அந்த ஓவர்லாப் 30 சதவீதம் இருந்தால் நிம்மதி. 20-ல் முடித்தவர்கள் உண்டு, ஆனால் கையில் பிடித்து எடுக்கும்போது அது ரொம்பவே துணிச்சல். 7 மீட்டர் படத்தில் 2 மீட்டர் பழையது, 5 மீட்டர் புதியது. இரு ஓரங்களிலும் மேலும் கீழும் வெட்டுவதற்கு இடம் விட்டுக் கணக்கிட்டால் ஒரு வரிசைக்கு 6 படம், இரண்டு வரிசை, மொத்தம் 12. ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒட்டிய படம் அடக்கும் கோணம் கிட்டத்தட்ட 70 பாகை.

செங்குத்தாகப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கிடையாகப் பிடித்தால் ஒரு படத்தின் உயரம் 7 மீட்டராகக் குறைந்து, மூன்று வரிசை எடுக்க வேண்டிவரும். வரிசை கூடக்கூட ஓட்டை விழும் வாய்ப்பும் கூடும்.

முதல் முயற்சி ஏன் கெட்டது

முதல் தடவை எனக்கு மூன்று மீட்டர் முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. படத்தின் கீழ் ஓரத்தில்தானே வருகிறது, பிறகு வெட்டிவிடலாம் என்று விட்டுவிட்டேன். கேமராவைக் கண்ணோடு வைத்து, இடுப்பைத் திருப்பி ஆறு படம், அண்ணாந்து ஆறு படம். ஒட்டிப் பார்த்தால் கம்பி இரண்டாகத் தெரிந்தது. அது போகட்டும், கம்பிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஒரு யானையின் முதுகும் உடைந்து நின்றது. இரண்டு மணி நேரம் மென்பொருளைத் திட்டினேன். குற்றம் என் இடுப்பில் இருந்தது.

ஒரு கண்ணை மூடி, மூக்குக்கு நேரே விரலை நீட்டித் தலையைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவரின் மேல் விரல் நகர்வது தெரியும். தலை திரும்பும்போது கண் அச்சில் இல்லை, அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதனால் கண் திரும்புவதோடு இடமும் மாறுகிறது. கண் இடம் மாறினால் அருகில் இருப்பது ஒரு அளவும் தூரத்தில் இருப்பது வேறு அளவும் நகர்ந்து தெரியும். பள்ளிக்கூடத்தில் இடமாறு தோற்றப்பிழை என்று படித்தோமே, அதுதான். புகைப்படக்காரர்கள் பாரலாக்ஸ் என்பார்கள். இரண்டு படங்களிலும் கம்பிக்குப் பின்னால் பாறையின் வேறு வேறு பகுதி இருந்தால், எந்த மென்பொருளாலும் இரண்டையும் ஒரே சமயத்தில் பொருத்த முடியாது.

எவ்வளவு கெடும் என்பதைக் கணக்குப் போட்டால்தான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெரியும். இடுப்பைத் திருப்பும்போது லென்ஸ் உடம்பின் அச்சிலிருந்து சுமார் 30 செ.மீ. முன்னால் இருக்கிறது. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு 11 பாகை திரும்பினால் லென்ஸ் ஏறக்குறைய 6 செ.மீ. பக்கவாட்டில் நகரும். இந்த லென்ஸில் அந்த நகர்வு, 3 மீட்டரில் உள்ள கம்பிக்கும் 25 மீட்டரில் உள்ள பாறைக்கும் நடுவே 240 பிக்சல் பிழையைத் தருகிறது. ஆனால் பாறையில் முன்னே துருத்தும் யானைக்கும் ஒரு மீட்டர் உள்ளே போன பின்புறத்துக்கும் நடுவே வருவது ஒன்றேகால் பிக்சல்தான்.

ஆக, பாறையின் மேடுபள்ளம் பிரச்சினையே இல்லை. அருகில் இருக்கும் கம்பிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. யானை முதுகு உடைந்ததும் அதனால்தான்: மென்பொருள் கம்பியில் சில புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு, அவற்றைச் சேர்க்கப் பாறையை இழுத்துவிட்டது.

இதற்கு இரண்டு தீர்வு. முதலாவது செலவில்லாதது: அருகில் எதுவும் விழாத இடத்தில் நில்லுங்கள். இரண்டாவது முறை நான் தடுப்பை ஒட்டிப் போய், லென்ஸ் அதைத் தாண்டியிருக்கும்படி நின்றேன். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

இரண்டாவது, லென்ஸைச் சுற்றிக் கேமராவைத் திருப்புவது. லென்ஸின் முன்புறம் பார்த்தால் உள்ளே துவாரம் ஓர் ஆழத்தில் தெரியும் அல்லவா, அந்த இடம் அச்சில் இருக்க வேண்டும். எல்லோரும் அதை நோடல் பாயிண்ட் என்கிறார்கள். இயற்பியல்படி அந்தப் பெயர் தவறு, ஆனால் கடையில் அப்படிக் கேட்டால்தான் புரியும். முக்காலியில் பனோரமா ஹெட் போட்டால் இதைத் துல்லியமாகச் செய்யலாம். ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கையில் எடுப்பவர்களுக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். லென்ஸின் அந்த இடத்தில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் குண்டைத் தொங்கவிட்டு, தரையில் ஒரு நாணயம் வையுங்கள். குண்டு நாணயத்துக்கு மேலேயே நிற்கும்படி நீங்கள் கேமராவைச் சுற்றி நடக்க வேண்டும், கேமரா உங்களைச் சுற்றி வரக் கூடாது. பார்ப்பவர்கள் ஏதோ பரிகாரம் செய்கிறார் என்று நினைப்பார்கள். பரவாயில்லை. 6 செ.மீ. நகர்வு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

எடுக்கும்போது

பாறை கிழக்கே பார்த்திருக்கிறது. சூரியன் உதித்த உடனே எடுத்தால் ஒளி நேராக விழுந்து சிற்பங்கள் தட்டையாகத் தெரியும். கொஞ்சம் ஏறி, மேலிருந்து சாய்வாக விழும் 9 மணிக்கு மேல் புடைப்பு நன்றாக வரும். மதியத்துக்கு மேல் முழுவதும் நிழல். மேகம் ஓடும் நாளில் போகாதீர்கள். நாலாவது படத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒரு மேகம் வந்தால் பாறையில் பட்டை பட்டையாக நிறம் மாறும், அதைப் பிறகு முழுதாகச் சரிசெய்ய முடியாது.

கேமராவில் தானாக மாறும் எதையும் விட்டுவைக்கக் கூடாது. எக்ஸ்போஷர் மேனுவலில். அளவெடுப்பது பாறையின் மிகப் பிரகாசமான பகுதியில், பிறகு 12 படத்துக்கும் அதே எண். நான் வைத்தது f/8, 1/250 நொடி, ஐஎஸ்ஓ 100-ஐ ஒட்டி. ஃபோகஸை ஒருமுறை பாறையின் நடுவில் பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். படத்துக்குப் படம் ஃபோகஸ் மாறினால் தெளிவு மட்டுமல்ல, படத்தின் உருப்பெருக்கமும் துளி மாறும். ஒட்டும்போது அது தொல்லை. ஒயிட் பேலன்ஸ் வெயிலுக்கு, கோப்பு ராவில். ஜூம் லென்ஸ் என்றால் வளையம் நகராமல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். போலரைசர் வேண்டாம்.

இடது கீழ் மூலையில் தொடங்குங்கள். முதல் படத்தின் வலது ஓரத்தில் விழும் ஏதாவது ஒரு தலையை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த படத்தில் அது இடமிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வரும்படி திரும்புங்கள். இப்படித் தலைதலையாகப் போனால் பாகைக் கணக்கே தேவைப்படாது. கீழ் வரிசை முடிந்ததும் அண்ணாந்து மேல் வரிசை, அதையும் இடமிருந்தே. தொடரின் முதலிலும் கடைசியிலும் உள்ளங்கையை ஒரு படம் எடுத்துவிடுங்கள். நாலு தொடர் எடுத்துவிட்டு வீட்டில் எது எங்கே தொடங்கியது என்று தேடாமல் இருக்கலாம்.

ஆட்கள் குறுக்கே போவார்கள். காத்திருந்தால் முடியாது. யாராவது நிற்கும் படத்தை மட்டும் இரண்டு மூன்று தடவை எடுங்கள், அவர் நகர்ந்ததும் ஒன்று. மொத்தத் தொடரையும் இரண்டு தடவை எடுத்துவிடுவது இன்னும் நல்லது. மாமல்லபுரத்துக்கு இன்னொரு பேருந்து பிடிப்பதைவிட 12 படம் கூடுதலாக எடுப்பது சுலபம்.

ராவிலிருந்து டிஃப்

ரா மாற்றியில் ஒரு படத்தைச் சரிசெய்து, அதே அமைப்பை எல்லாவற்றிலும் ஒட்டுங்கள். லென்ஸின் ஓர இருட்டை இங்கேயே நீக்கலாம். லென்ஸ் வளைவைத் திருத்துவதை ஒட்டும் மென்பொருளுக்கு விட்டுவிடுவது என் பழக்கம். வெட்டவோ நேராக்கவோ கூடாது, ஏனென்றால் படத்தின் நடுப்புள்ளி நகர்ந்துவிட்டால் மென்பொருளின் கணக்கு தப்பும். கூர்மையைக் கடைசியில் மொத்தப் படத்துக்கும் ஏற்றலாம். 16 பிட் டிஃப் ஆக வெளியே எடுங்கள்.

ஹுகினில் ஒட்டுவது

நான் பயன்படுத்துவது Hugin. இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் இதைவிட வேகம்தான், ஆனால் ஏதாவது கெட்டால் எங்கே கெட்டது என்று இதுபோலத் திறந்து காட்டுவதில்லை.

படங்களைச் சேர்த்ததும் லென்ஸ் வகை Normal (rectilinear), குவிய நீளம் 85 என்று வந்திருக்கிறதா பாருங்கள். பழைய மேனுவல் லென்ஸ் என்றால் நீங்களே எழுத வேண்டும். அப்புறம் Create control points. இரண்டு படங்களுக்கும் பொதுவான இடங்களை, ஒரு கல் விரிசல், ஒரு மூக்கு நுனி என்று, அது தானே தேடிப் புள்ளி வைக்கும். பாறைப் பரப்பு இதற்கு நல்ல தீனி. வானமும் வெள்ளைச் சுவரும் மோசம்.

புள்ளி வைத்ததும் உடனே ஒட்டிப் பார்க்கும் ஆசை வரும். பொறுங்கள். Optimise என்ற இடத்தில் முதலில் படங்களின் நிலையை மட்டும் கணக்கிடச் சொல்லுங்கள்: Positions (incremental, starting from anchor). ஒரு படத்தை அசையாமல் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் முறை இது. அது ஓரளவு பொருந்திய பிறகுதான் Positions, View and Barrel (y,p,r,v,b). இதில் லென்ஸின் உண்மையான பார்வைக் கோணமும் வளைவும் சேர்ந்து திருத்தப்படும். தொடக்கத்திலேயே இதைக் கொடுத்தால், தப்பான புள்ளிகளைச் சமாதானப்படுத்த லென்ஸை வளைத்து, ஏதோ ஒரு விநோதமான விடையில் போய் நிற்கும்.

இப்போது சராசரிப் பிழை எத்தனை பிக்சல் என்று சொல்லும். கையில் எடுத்த படங்களுக்கு ஒன்று, இரண்டு என்றால் நல்லது. அதைவிட, F3 அழுத்தி வரும் புள்ளிப் பட்டியலைப் பிழை வாரியாக அடுக்கிப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. என் முதல் முயற்சியில் மேலே இருந்த புள்ளிகள் எல்லாம் நூற்றுக்கு மேல் பிழை, எல்லாமே தடுப்புக் கம்பியில். அவற்றை அழித்து மறுபடி கணக்கிட்டதும் யானை முதுகு சேர்ந்தது. கம்பி மட்டும் உடைந்தே இருந்தது, அதை வெட்டினேன். இதையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்: பெரிய பிழைகள் அருகில் உள்ள பொருளில் குவிந்தால் பாரலாக்ஸ், நடந்துபோன ஆளின் சட்டையில் இருந்தால் ஆள் நகர்ந்தது, எங்கும் பரவி எல்லாப் புள்ளியிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் குவிய நீளம் தப்பு அல்லது நடுவில் ஜூம் நகர்ந்திருக்கிறது.

நின்ற ஆளை நீக்க Masks பக்கத்தில் அவரைச் சுற்றிக் கோடு போட்டு Exclude region கொடுங்கள். அவர் இல்லாத படத்திலிருந்து அந்தப் பகுதியை அது எடுத்துக்கொள்ளும். அதற்குத்தான் கூடுதல் படம்.

அடுத்தது வடிவம். 70 பாகைதான் என்பதால் Rectilinear தேர்ந்தெடுக்கலாம். நேர்கோடுகள் நேராகவே நிற்கும், பாறை நேரே நின்று பார்ப்பது போல வரும். 100 பாகையைத் தாண்டினால் இந்த வடிவத்தில் ஓரங்கள் ரப்பர் போல இழுபடும், அப்போது Cylindrical நல்லது. இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பாறையின் இரு ஓரங்களும் எனக்கு 29 மீட்டர் தூரத்தில், சாய்வாக இருந்தன. இந்த வடிவத்தில் அவையும் நடுப்பகுதியின் அளவுக்கே விரிக்கப்படுகின்றன. ஆகவே 16,400 பிக்சல் என்றாலும் ஓரங்களில் அசல் விவரம் நடுவைவிடக் குறைவுதான்.

முன்னோட்டத்தில் பாறை அலை போல வளைந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம். தொடுவானம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். Straighten ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகும். கடைசியாக Calculate optimal size கொடுத்து, Exposure corrected, low dynamic range வகையில் டிஃப் கோப்பாக ஒட்டுங்கள். இதையே கட்டளைகளாகவும் ஓட்டலாம். நிறையத் தொடர்கள் எடுத்த நாளில் நான் அப்படித்தான் செய்கிறேன்:

```
pto_gen -o p.pto *.tif
cpfind --multirow -o p.pto p.pto
cpclean -o p.pto p.pto
autooptimiser -a -m -l -s -o p.pto p.pto
pano_modify --projection=0 --fov=AUTO --canvas=AUTO --crop=AUTO -o p.pto p.pto
hugin_executor --stitching --prefix=tapasu p.pto
```

cpclean என்பது பெரும்பிழைப் புள்ளிகளைத் தானே களையும் கட்டளை. கம்பி மாதிரி விஷயங்களில் அதை மட்டும் நம்பாதீர்கள். கம்பியில் புள்ளிகள் பெரும்பான்மையாகிவிட்டால் அது பாறைப் புள்ளிகளைக் களைந்துவிடும்.

200 மி.மீ. லென்ஸில் எடுத்தால்

ஆசை அத்தோடு நிற்காது. அதே இடத்தில் 200 மி.மீ. லென்ஸ் போட்டால் ஒரு பிக்சலுக்கு 0.75 மி.மீ. பாறை மட்டுமே சுமார் 38,700 × 17,300 பிக்சல், அதாவது 670 மெகாபிக்சல். படங்கள் 12 அல்ல, ஐந்து வரிசையில் 75. கையில் இது நடக்காது. எங்கே விட்டோம் என்பது மறந்து நடுவில் ஓட்டை விழும், அதற்குள் வெயிலும் நகர்ந்துவிடும். அனுமதி வாங்கி, பாகை குறித்த ஹெட்டோடு முக்காலி வைத்தே எடுக்க வேண்டும். பாரலாக்ஸ் பிழையும் பிக்சல் கணக்கில் லென்ஸின் நீளத்தோடு சேர்ந்து பெருகும்.

கோப்பும் முரண்டு பிடிக்கும். சாதாரண டிஃப் 4 ஜிபியைத் தாண்டாது. 670 மெகாபிக்சலை 16 பிட்டில், ஒளிபுகு அடுக்கோடு சேமித்தால் 5 ஜிபிக்கு மேல் போகிறது. பிக்டிஃப் வகையில் சேமிக்க வேண்டும், அல்லது 8 பிட்டுக்கு இறங்க வேண்டும். ஜேபெக்கில் ஒரு பக்கம் 65,535 பிக்சல் வரைதான் என்பதால் இந்தப் படத்துக்குச் சிக்கல் இல்லை. இதற்கு மேல் போகிறவர்களுக்கு அதுவும் சுவர்.

படம் முடிந்ததும் நூறு சதவீதத்தில் வைத்து ஒட்டு விழுந்த இடங்களில் மெதுவாக நகர்ந்து பாருங்கள். முழுப் படமாகப் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். என்னுடைய 12 படத் தொடரில் நடுப் பிளவை ஒட்டி ஒரு நாகத்தின் விரித்த படம் அரை சென்டிமீட்டர் விலகியிருந்தது, மூன்று பிக்சல். அங்கே கையால் நாலு புள்ளி வைத்து மறுபடி ஒட்டினேன். பூனை தெளிவாக வந்திருக்கிறது. தலைக்கு மேல் தூக்கிய முன்கால்கள் உட்பட.